சா பால்மெட்டோவும் பூசணி விதையும்: அப்பாவுக்குக் குணம் தெரிகிறது, இனியும் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

தென்றல்வாசி

என் அப்பாவுக்கு வயது 71. இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீர் சரியாகப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். போய் நின்றால் வருவதற்கே நேரமாகிறது, வந்தாலும் மெல்லிய தாரையாக விட்டுவிட்டு வருகிறது, முடித்து வெளியே வந்த பிறகும் சொட்டுகிறது, இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருக்கிறது என்பவை அவருடைய குறைகள். மருத்துவரிடம் போனால் பின்வழியாக விரலை விட்டுப் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தாலேயே தள்ளிப்போட்டு வந்தார்.

எட்டு மாதங்களுக்கு முன்பு அவருடைய நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, சா பால்மெட்டோ என்ற குட்டைப் பனையின் பழத்திலிருந்து செய்த 320 மி.கி. காப்ஸ்யூலைத் தினமும் ஒன்று என்ற கணக்கில் தொடங்கினார். அதோடு காலையிலும் மாலையிலும் ஒரு மேசைக்கரண்டி பூசணி விதையை மென்று தின்கிறார். இப்போது இரவில் இரண்டு முறைதான் எழுகிறார் என்பதால் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. விடியற்காலையில் படுக்கை விரிப்பு ஈரமாக இருக்கிறது என்றும், தன் துணிகளை யாருக்கும் தெரியாமல் அவரே துவைத்துக்கொள்கிறார் என்றும் சொல்கிறார். வயதானால் இதெல்லாம் சகஜம் என்று அப்பா அந்தப் பேச்சை முடித்துவிடுகிறார்.

என் கேள்வி இதுதான். குணம் தெரிகிற நிலையில் மருத்துவரைப் பார்ப்பது அவசியமா, அல்லது காப்ஸ்யூலை இரண்டாகக் கூட்டிப் பார்க்கலாமா?

---

பசுமைநாடி

கூட்டுவதற்கு அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு ஆண்டுகளாக நானே சா பால்மெட்டோ சாப்பிடுகிறேன், எந்தத் தொந்தரவும் இல்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியை ஆண் ஹார்மோன் பருக்கச் செய்யும் வழியை இந்தப் பழத்தின் சாறு தடுக்கிறது. ஃபினாஸ்டரைடு மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதில் ஆண்மைக் குறைவு வரக்கூடும், இதில் வராது. பூசணி விதையில் உள்ள துத்தநாகமும் தாவர ஸ்டெரால்களும் கூடுதல் பலம். இரவில் எழுவது நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது என்றால் வீக்கம் வற்றத் தொடங்கிவிட்டது என்றே பொருள். மருத்துவரிடம் போனால் முதல் பேச்சே அறுவை சிகிச்சையாகத்தான் இருக்கும்.

---

பழைய_வார்டு

சிறுநீரியல் வார்டில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி, காப்ஸ்யூல், விதை ஆகிய இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் அம்மா சொன்ன ஒரு வரிக்கு மட்டும் வாருங்கள். ஆண்டுக்கணக்கில் சிறுநீர் தடைப்பட்டு வந்த ஒரு முதியவர் தூக்கத்தில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், அதை நாங்கள் ஒருபோதும் வயதின் கணக்கில் எழுதியதில்லை.

குடம் நிரம்பிய பிறகு மேலே வழிவதைப்போல, சிறுநீர்ப்பை காலியாகாமல் நிரம்பியே கிடந்து, தாங்க முடியாத மிச்சம் மட்டும் கசிந்து வெளியேறும் நிலை ஒன்று உண்டு. திடீரென்று முற்றாக அடைத்துக்கொண்டால் மனிதர் வலியில் துடிப்பார், அடுத்த மணி நேரத்தில் மருத்துவமனையில் இருப்பார். இதுவோ மாதக்கணக்கில் மெதுவாக வருவது. பை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து மரத்துப்போவதால் வலியே இருக்காது, நிரம்பிவிட்டது என்ற உணர்வும் மங்கிவிடும். உணர்வு மங்கினால் இரவில் எழுவதும் குறையும். உங்கள் அப்பா குணம் என்று நினைப்பது இதுவாகவும் இருக்கலாம் என்பதால்தான் எனக்குக் கவலை. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், கசிவுக்கு வேறு காரணங்களும் உண்டு.

நான்கு விஷயங்களைக் கேட்டுச் சொல்லுங்கள். பகலில் ஒரு தடவைக்கு எவ்வளவு போகிறது என்று அளவுக்குவளையில் பிடித்துப் பாருங்கள். போய்விட்டு வந்த உடனே மல்லாந்து படுக்கச் சொல்லி, தொப்புளுக்குக் கீழே வயிறு உருண்டு திரண்டு தெரிகிறதா என்று பாருங்கள். பசி எப்படி இருக்கிறது, கால் வீங்குகிறதா என்றும் கேளுங்கள். அதுவரை மருந்தைக் கூட்டும் பேச்சே வேண்டாம்.

---

வழுக்கைநிலா

சா பால்மெட்டோ முடி கொட்டுவதை நிறுத்தும் என்று படித்துவிட்டு நான்கு மாதங்களாகச் சாப்பிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு முடி ஏதாவது வளர்ந்ததா என்று சொல்ல முடியுமா? எனக்கு வயது 34.

---

தென்றல்வாசி

வழுக்கைநிலா அவர்களே, அப்பாவுக்கு வளர்வதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. இந்த இழை சிறுநீர் பற்றியது.

பழைய_வார்டு அம்மா, நேற்று முழுவதும் அளந்தோம். காலையில் 110 மி.லி., பிறகு 70, பிறகு 90. ஒரு தடவைகூட 120-ஐத் தாண்டவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறார்.

வயிற்றைப் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது. ஆறேழு மாதங்களாக அப்பா தொந்தி போட்டுவிட்டதாக நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தோம். இடுப்பு வாரில் இரண்டு துளை தள்ளிப் போடுகிறார். ஆனால் முகமும் தோள்களும் மெலிந்துதான் இருக்கின்றன, சாப்பாடும் பாதியாகக் குறைந்துவிட்டது. படுக்க வைத்துப் பார்த்தபோது தொப்புளுக்குக் கீழே பந்துபோல் கெட்டியாக இருக்கிறது. அழுத்தினால் வலிக்கவில்லை என்கிறார். மாலையில் கணுக்காலில் லேசான வீக்கம் இருக்கிறது.

---

பழைய_வார்டு

தம்பி, இன்றே அழைத்துச் செல்லுங்கள். அடுத்த வாரம் முன்பதிவு செய்து போகும் விஷயம் அன்று இது. அந்தத் தொந்தி கொழுப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு.

அங்கே போனதும், போய்விட்டு வந்த பிறகு பையில் எவ்வளவு தேங்குகிறது என்று ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதே ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களையும் பார்த்துவிடுவார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும், பொட்டாசியத்தையும் இரத்தத்தில் பார்க்க வேண்டும். சாப்பிடுகிற காப்ஸ்யூலின் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். வலி மாத்திரை, சளி மாத்திரை என்று கடையில் வாங்கியது எதுவானாலும் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

---

கூட்டல்கழித்தல்

தென்றல்வாசி போய் வரட்டும். அதற்குள் பசுமைநாடி அவர்கள் சொன்ன "வீக்கம் வற்றத் தொடங்கிவிட்டது" என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன், புள்ளியியல் படித்தவன்.

சா பால்மெட்டோவுக்கு முதலில் கிடைத்த நற்பெயர் சிறிய, குறுகிய காலச் சோதனைகளிலிருந்து வந்தது. 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான சோதனையில் 225 ஆண்களில் பாதிப் பேர் 160 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை ஓராண்டு சாப்பிட்டார்கள், மறுபாதிப் பேர் அதே தோற்றமுள்ள வெற்றுக் காப்ஸ்யூலைச் சாப்பிட்டார்கள். முடிவில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அளவு போதவில்லையோ என்ற ஐயத்துக்கு 2011-இல் இன்னொரு சோதனை பதில் சொன்னது. 369 பேருக்கு 320-இல் தொடங்கி, 640, 960 மி.கி. என்று படிப்படியாகக் கூட்டி 72 வாரங்கள் கொடுத்தும் வெற்றுக் காப்ஸ்யூலை அது முந்தவில்லை. ஆகவே இரண்டாகக் கூட்டலாமா என்ற கேள்விக்கு, மூன்றாகக் கூட்டியும் பார்த்துவிட்டார்கள் என்பதே விடை.

பூசணி விதையின் கதை சற்றுச் சுவையானது. ஜெர்மனியில் ஆயிரத்து நானூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடத்திய ஓராண்டுச் சோதனை 2015-இல் வெளிவந்தது. ஒரு குழு நாளுக்கு இருமுறை ஐந்து கிராம் விதையைத் தின்றது, ஒரு குழு விதைச் சாற்றுக் காப்ஸ்யூலையும் மற்றொன்று வெற்றுக் காப்ஸ்யூலையும் எடுத்துக்கொண்டன. சாற்றுக் காப்ஸ்யூல் வெற்றுக் காப்ஸ்யூலைவிட மேலானதாக இல்லை. முழு விதை தின்றவர்களில் நூற்றுக்கு 58 பேர் குறிப்பிட்ட அளவுக்கு நல்ல மாற்றம் கண்டார்கள். ஆனால் ஒன்றுமே இல்லாத காப்ஸ்யூல் விழுங்கியவர்களிலும் நூற்றுக்கு 47 பேர் அதே அளவு மாற்றம் கண்டார்கள். விதை தின்றவர்களுக்குத் தாங்கள் தின்பது விதை என்று தெரியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பதினோரு பேர் இடைவெளி இன்னும் மெலிகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 47 தான். இந்தத் தொந்தரவு தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. மோசமாக இருக்கும் மாதத்தில்தான் மனிதர் மருந்தைத் தேடுவார், அடுத்து வரும் மாதம் எப்படியும் சற்று மேலாகவே இருக்கும். "எனக்குக் குறைந்தது" என்பது உண்மையான அனுபவம். எதனால் குறைந்தது என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

---

பசுமைநாடி

நீங்கள் சொன்ன இரண்டு சா பால்மெட்டோ சோதனைகளும் வட அமெரிக்காவில் நடந்தவை. ஐரோப்பாவில் ஹெக்ஸேன் என்ற கரைப்பானால் பிரித்தெடுத்த சாற்றை மருந்தாகவே அங்கீகரித்திருக்கிறார்கள். எல்லாச் சாறும் ஒன்றல்ல. அதை மறைத்துப் பேசுவது நியாயமன்று.

---

கூட்டல்கழித்தல்

மறைக்கவில்லை, நீங்கள் சொன்னது சரி. ஹெக்ஸேன் சாற்றுக்கு ஐரோப்பிய மருந்து முகமை தனி இடம் தந்திருக்கிறது, அங்குள்ள சிறுநீரியல் வழிகாட்டுதலும் பாலியல் பக்கவிளைவுக்கு அஞ்சுபவர்களுக்கு அதைக் கொடுக்கலாம், பலன் சிறிதாகவே இருக்கக்கூடும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிறது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு பல வகைச் சாறுகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, பலன் இல்லை அல்லது மிகச் சொற்பம் என்ற முடிவுக்கு வந்தது. இதில் கருத்து வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் டப்பாவில் இருப்பது ஹெக்ஸேன் சாறுதானா, வேறு முறையில் எடுத்ததா, வெறும் பழத்தூளா என்று பார்த்தீர்களா? உணவுத் துணைப்பொருளாக விற்பனையாகும் பல டப்பாக்களில் அந்த விவரமே இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய சோதனைகளில் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொருவரையும் மருத்துவர்கள் பரிசோதித்து, பையில் அதிகம் தேங்குபவர்களையும், சிறுநீரகம் கெட்டவர்களையும், புற்றுநோய் இருப்பவர்களையும் விலக்கிவிடுவார்கள். அதாவது சா பால்மெட்டோவால் தீங்கில்லை என்று நாம் மேற்கோள் காட்டும் அதே ஆய்வுகள், முன்கூட்டியே மருத்துவர் பார்த்துத் தேறிய ஆண்களிடம் நடந்தவை. கடையில் வாங்கிச் சாப்பிடுபவர் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்.

---

நடைப்பயணி

என் கதையையும் சொல்கிறேன், சற்று விலகியது என்றாலும். எனக்கு 66 வயது. இரவில் ஐந்து முறை எழுந்ததால் புரோஸ்டேட் என்று நானே முடிவு செய்து பூசணி விதை தின்றேன். ஒரு பயனும் இல்லை. மருத்துவர் மூன்று நாள் கணக்கெழுதச் சொன்னார்: எப்போது, எவ்வளவு குடித்தேன், எப்போது, எவ்வளவு போனேன் என்று. இரவில் ஒவ்வொரு தடவையும் 300, 350 மி.லி. என்று தாராளமாகப் போயிருந்தது. தாரையும் நன்றாகவே இருந்தது. அந்தத் தாளைப் பார்த்தவுடன் அவர் புரோஸ்டேட்டை விட்டுவிட்டு என் குறட்டையைப் பற்றிக் கேட்டார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் சிறுநீர் இரவில் மிகுதியாகச் சுரக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. இப்போது மூச்சுக் கருவி போட்டுக்கொண்டு படுக்கிறேன், ஒருமுறைதான் எழுகிறேன்.

தென்றல்வாசியின் அப்பாவுக்கும் அப்படி இருக்கலாம்.

---

பழைய_வார்டு

நடைப்பயணி ஐயா, உங்களுக்கு நேர்மாறானது அவர் நிலை. உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் நிறையப் போனது, அவருக்கு எழுபதும் நூறுமாகப் போகிறது. எழுந்த தடவையை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அளவுக்குவளைதான் பிரித்துக் காட்டும். உங்களைப் போலவே சர்க்கரை நோயிலும், மாலையில் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் இரத்தத்தில் ஏறுகிற இதய நோயாளிகளுக்கும் இரவில் நிறையப் போகும்.

---

வெள்ளிக்கோடு

ஓர் ஐயம். சா பால்மெட்டோ ஃபினாஸ்டரைடு போலவே வேலை செய்கிறது என்றால், புரோஸ்டேட் புற்றுநோய்க்காக இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவையும் அது பாதியாகக் குறைத்துப் புற்றுநோயை மறைத்துவிடும் அல்லவா? அதனால்தான் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

---

கூட்டல்கழித்தல்

பாதி சரி. ஃபினாஸ்டரைடு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏ.-யைப் பாதியளவுக்குக் குறைப்பது உண்மை, அதைச் சாப்பிடுபவர்களின் அளவை மருத்துவர்கள் இரட்டித்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் நான் மேலே சொன்ன 2011 சோதனையில் சா பால்மெட்டோவை மூன்று மடங்கு கொடுத்தும் பி.எஸ்.ஏ. அசையவில்லை. ஒரு வகையில் பசுமைநாடியின் வாதத்தையும் இது பலவீனப்படுத்துகிறது. ஃபினாஸ்டரைடு தடுக்கும் அதே நொதியை ஆய்வுக்கூடக் குடுவையில் சா பால்மெட்டோவும் தடுக்கலாம், ஆனால் உடம்பில் ஃபினாஸ்டரைடு அளவுக்குத் தடுத்திருந்தால் பி.எஸ்.ஏ. இறங்கியிருக்க வேண்டும்.

---

தென்றல்வாசி

ஐந்து நாள்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். அன்று மாலையே அழைத்துச் சென்றோம். அப்பா சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்த பிறகு செய்த ஸ்கேனில், பையில் 1,240 மி.லி. மிச்சம் இருந்தது. ஸ்கேன் எடுத்தவர், போய்விட்டுத்தானே வந்தீர்கள் என்று இருமுறை கேட்டார். இரண்டு சிறுநீரகங்களும் நீர் தேங்கி வீங்கியிருந்தன. கிரியாட்டினின் 3.4. சென்ற ஆண்டு வேறொரு காரணத்துக்காகப் பார்த்தபோது 1.1 இருந்தது.

உடனே சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டரைப் போட்டார்கள். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அப்பா தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "தொந்தி எங்கே போயிற்று?" என்று கேட்டார். வீடு திரும்பும்போது வாரை மறுபடி பழைய துளையில் போட்டுக்கொண்டார். அம்மா அன்றைக்குத்தான் அழுதார்.

முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் ஆறு லிட்டர் சிறுநீர் போனதால் ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள், மணிக்கொரு முறை அளந்துகொண்டே இருந்தார்கள். நேற்று கிரியாட்டினின் 2.1. புரோஸ்டேட் ஏறத்தாழ 48 கிராம் என்கிறார்கள், கையால் பார்த்ததில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லையாம். அப்பா அஞ்சிய அந்தப் பரிசோதனை அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பி.எஸ்.ஏ. பார்க்கச் சொல்லி நான் கேட்டேன், மருத்துவர் இப்போது வேண்டாம் என்றுவிட்டார். கதீட்டரை எடுத்துவிட்டுத் தானாகப் போகிறதா என்று பார்க்கலாமே என்றதற்கும் மறுத்துவிட்டார். ஏன் என்று விளக்கமாகக் கேட்க அப்போது தைரியம் வரவில்லை.

---

பழைய_வார்டு

நேரத்தோடு போனீர்கள், தம்பி. நீங்கள் கேட்கத் தயங்கிய இரண்டுக்கும் நான் அறிந்தவரை சொல்கிறேன், மருத்துவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிறுநீர் தேங்கிக் கிடந்த நிலையில் புரோஸ்டேட் வழியாகக் கதீட்டரும் நுழைந்தால் பி.எஸ்.ஏ. தானாகவே ஏறிவிடும். இப்போது எடுத்தால் வருகிற எண் புற்றுநோயையும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, வீட்டில் எல்லாரையும் பயமுறுத்த மட்டும் செய்யும். அதனால் சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பார்கள்.

கதீட்டரை எடுக்க மறுத்தது சிறுநீரகத்துக்காக. திடீரென்று அடைத்துக்கொண்டவர்களுக்குப் பையின் வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்து, ஓரிரு நாளில் குழாயை எடுத்துச் சோதிப்பது வழக்கம். உங்கள் அப்பாவின் பையில் அழுத்தம் அதிகமாகி, அது மேலே சிறுநீரகம் வரைக்கும் எட்டியிருக்கிறது. குழாயை எடுத்தால் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே உள்ளுக்குள் மறுபடி தேங்கும், வலிக்காது என்பதால் யாருக்கும் தெரியாது. ஆகவே சிறுநீரகம் தேறும் வரை குழாயை வைத்திருந்து, பிறகு அடைக்கும் திசுவைச் சுரண்டி எடுக்கும் அறுவைக்குத் திட்டமிடுவார்கள். விரிந்து தளர்ந்த பைத்தசை அதன் பிறகு எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம். சிலருக்குப் பழையபடி வேலை செய்யும், சிலர் நாளுக்குச் சில முறை தாங்களே மெல்லிய குழாய் போட்டு வடித்துக்கொள்ள வேண்டிவரும்.

அறுவை என்று நாள் குறித்தால் சா பால்மெட்டோ சாப்பிட்டதைக் கட்டாயம் சொல்லுங்கள். அறுவையின்போது இரத்தம் மிகுதியாகக் கசிந்ததாக ஒரு பதிவு உண்டு. அதுதான் காரணமா என்பது உறுதியில்லை என்றாலும் முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

---

பசுமைநாடி

உங்கள் அப்பா தேறியதில் மகிழ்ச்சி. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கேட்டைச் சா பால்மெட்டோ செய்யவில்லை. சாப்பிடாமல் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

---

கூட்டல்கழித்தல்

அதை ஒப்புக்கொள்கிறேன், காப்ஸ்யூல் சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் சாப்பிடாமல் இருந்திருந்தால் அவர் எட்டு மாதம் காத்திருந்திருப்பாரா என்பது எனக்கு ஐயமே. நான்கைந்து முறை எழுந்துகொண்டிருந்த மனிதர் என்றைக்காவது ஒருநாள் பொறுமை இழந்து போயிருக்கக்கூடும். "ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்" என்ற நிம்மதி வந்த பிறகு போவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

இன்னும் ஒன்றைக் கவனித்தேன். நாம் பேசிய சோதனைகளில் எல்லாம் பலனை முதன்மையாக அளந்தது ஏழு கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் தாளால். முழுதாகப் போன உணர்வு உண்டா, எத்தனை முறை எழுகிறீர்கள், தாரை மெலிந்திருக்கிறதா, முக்க வேண்டியிருக்கிறதா என்பதுபோல் கேட்பார்கள், மொத்தம் 35 மதிப்பெண். படுக்கை நனைகிறதா என்ற கேள்வி அதில் இல்லை. இரவில் எழுவது நான்கிலிருந்து இரண்டானதற்கு, உங்கள் அப்பாவுக்கு அந்தத் தாளில் இரண்டு மதிப்பெண் முன்னேற்றம் கிடைத்திருக்கும்.

---

பசுமைநாடி

அது நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு ஆறு ஆண்டுகளாக நன்றாகத்தான் இருக்கிறது. படுக்கை நனைவதில்லை, வயிறும் பெருக்கவில்லை.

---

பழைய_வார்டு

நல்லது ஐயா, சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே இல்லை. கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?

---

பசுமைநாடி

தொடங்குவதற்கு முன்பு ஒருமுறை. இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்த நினைவில்லை.

---

ஓடைக்கரை

நீண்ட நாளாகப் படிப்பவன், முதல் முறை எழுதுகிறேன். என் மாமனார் சா பால்மெட்டோ சாப்பிட்டு ஓரளவு நன்றாக இருந்தார். ஒருநாள் சளிக்காக மூக்கடைப்பு மாத்திரை இரண்டு போட்டார், அன்றிரவே முழுதாக அடைத்துக்கொண்டு துடித்துப்போனார். மூலிகைக்கும் மாத்திரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அப்படியும் நடக்குமா?

---

பழைய_வார்டு

மூலிகையோடு மோதியது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்தே சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிவிடும், சளிக்குப் போடும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் பைத்தசையைத் தளர்த்திவிடும். புரோஸ்டேட் பருத்தவருக்கு இரண்டும் சேர்ந்தால் அன்றிரவே வார்டுக்கு வருவார். மழைக்காலத்தில் எங்களுக்கு இது வாடிக்கை. டாம்சுலோசின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இது நடக்கக்கூடும் என்பதால், சளி மாத்திரை வாங்கும்போது கடைக்காரரிடம் சிறுநீர்த் தொந்தரவைச் சொல்லி வாங்கச் சொல்லுங்கள்.

---

தென்றல்வாசி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கிரியாட்டினின் 1.7-இல் நிற்கிறது. பழைய 1.1-க்குத் திரும்புமா என்று கேட்டதற்கு, இன்னும் சிறிது இறங்கலாம், முழுதாக இறங்காமலும் போகலாம் என்றார் மருத்துவர். அறுவைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். எடுக்கும் திசுவைச் சோதனைக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னார்கள். காலில் சிறுநீர்ப் பையைக் கட்டிக்கொண்டு அப்பா காலை நடைக்குப் போய் வருகிறார். சாப்பாடு பழையபடி ஆகிவிட்டது.

பசுமைநாடி ஐயாவுக்காகவும் ஒன்றைக் கேட்டேன். பூசணி விதையைத் தொடரலாமா என்று. விதை இந்த அடைப்பைத் திறக்காது, ஆசைக்கு ஒரு கரண்டி தின்றால் கெடுதியும் இல்லை என்றார். ஆனால் விதையில் பாஸ்பரசும் பொட்டாசியமும் இருப்பதால், சிறுநீரகம் தேறும் வரை கிண்ணம் கிண்ணமாகத் தின்ன வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். சா பால்மெட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அரை டப்பா மிச்சம் இருக்கிறது. தன் நண்பருக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. முதலில் அவரிடம் அளவுக்குவளையைக் கொடுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டார்.

---

பசுமைநாடி

நானும் நேற்று ஸ்கேன் எடுத்தேன். கழித்த பிறகு மிச்சம் 60 மி.லி. என்று வந்திருக்கிறது. இது அதிகமா, குறைவா என்று யாராவது சொல்லுங்கள்.

---

பழைய_வார்டு

உங்கள் வயதுக்கு அது கவலைப்பட வேண்டிய அளவு அன்று ஐயா. அடுத்த ஆண்டும் எடுத்து, இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.